அப்பமும் திராட்சை இரசமும்: பல சபைகளின் போதனைகளை ஒரே சேனலில் மனம் நோகாமல் சொல்வது எப்படி?

கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிப் பேசும் ஒரு சேனலை நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள் என்றும், இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி இரவு உணவையும், அதன் நினைவாகச் சபைகளில் பகிரப்படும் அப்பத்தையும் பற்றிப் பத்து நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். சபைகள் தமக்குள் மிகக் கடுமையாக வாதிட்ட பொருள்களுள் இதுவும் ஒன்று. புதியவர்களின் முதல் வரைவில் பெரும்பாலும் இப்படியொரு வாக்கியம் இருக்கும்:

"கத்தோலிக்கர்கள் அப்பம் இயேசுவின் உடலாகவே மாறிவிடுகிறது என்று நம்புகிறார்கள், ஆனால் புராட்டஸ்டண்டுகள் அது வெறும் அடையாளம்தான் என்பதை உணர்ந்திருக்கிறார்கள்."

எழுதியவருக்கு யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை. ஆயினும் இந்த ஒரே வாக்கியம் கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், கால்வின் மரபினர் ஆகிய மூவரையும் புண்படுத்தும். இதைப் படிப்படியாகத் திருத்துவதே இந்தச் செய்முறை.

படி 1: எத்தனை போதனைகள் உள்ளன என்று எண்ணுங்கள்

"புராட்டஸ்டண்டுகள்" என்ற சொல்தான் முதல் பிழை. இந்தப் பொருளில் அவர்களுக்கு ஒரே போதனை ஒருபோதும் இருந்ததில்லை. 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில், புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தின் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் நேரில் சந்தித்தார்கள். பேச்சின் முடிவில் எழுதப்பட்ட 15 கூறுகளுள் 14-இல் உடன்பாடு ஏற்பட்டது. கடைசிக் கூறில், கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரு கேள்வியில், இருவரும் பிரிந்தே போனார்கள். "இது என் உடல்" என்பதற்கான இலத்தீன் சொற்களை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டே வாதிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அப்படிப்பட்டவரின் சபையாரை "வெறும் அடையாளம் என்பவர்கள்" பட்டியலில் சேர்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: கத்தோலிக்கம், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த சபைகள், நினைவுகூரல் என்று கொள்ளும் சபைகள். ஆறாவதாக, இந்தச் சடங்கையே அனுசரிக்காதவர்கள் என்றும் ஒரு வரி வேண்டும், ஏனெனில் இரட்சணிய சேனையும் குவேக்கர் சபையும் இதைச் செய்வதில்லை. "எல்லாக் கிறிஸ்தவரும் இதைக் கொண்டாடுகிறார்கள்" என்று தொடங்கினால், முதல் வாக்கியத்திலேயே அவர்களைச் சமயத்தைவிட்டு வெளியே தள்ளிவிடுவீர்கள்.

ஒரே பெயருக்குள்ளும் பிரிவு இருக்கலாம். பாப்திஸ்து சபைகளின் 1689-ஆம் ஆண்டு இலண்டன் விசுவாச அறிக்கை, விசுவாசிகள் கிறிஸ்துவை ஆவிக்குரிய முறையில் மெய்யாகவே உட்கொள்கிறார்கள் என்கிறது. இன்றைய பாப்திஸ்துகளில் பலரோ இதை அடையாளச் செயலாகவே காண்கிறார்கள். எனவே "பாப்திஸ்துகள்" என்று மொத்தமாகச் சொல்லாமல், "பாப்திஸ்துகளில் பலர்" என்று எழுதுவதே பொருந்தும்.

படி 2: ஒவ்வொரு போதனையையும் அவரவர் ஆவணத்திலிருந்தே எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் மற்றவை எல்லாம் மேற்பூச்சுதான். கத்தோலிக்கப் போதனைக்கு 1551-ஆம் ஆண்டுத் திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஆணையையும், அதை எடுத்தாளும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 1376-ஆம் எண்ணையும் பாருங்கள். லூத்தரன் போதனைக்கு 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் பத்தாம் கூறு. சீர்திருத்த சபைகளுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 29-ஆம் அதிகாரம். இந்தப் பகுதிகளைப் படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

ஒரு சபையின் ஆவணம் அந்தச் சபையின் போதனைக்கே சான்று. அது மற்றொரு சபையைப் பற்றிச் சொல்வதற்கு அதையே சான்றாகக் கொள்ளக் கூடாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை. சீர்திருத்த சபையார் அப்பத்தைப் பற்றி என்ன கற்பிக்கிறார்கள் என்பதை அது தெளிவாகவும் அழகாகவும் சொல்கிறது. அதே நூலின் 80-ஆம் கேள்வியோ கத்தோலிக்கத் திருப்பலியைச் சபிக்கப்பட்ட விக்கிரக ஆராதனை என்கிறது. அதைப் பார்த்துக் கத்தோலிக்கப் போதனையை விளக்கினால், பதினாறாம் நூற்றாண்டுச் சண்டையொன்றில் ஒரு பக்கத்தின் வழக்குரையை மட்டும் வாசித்ததாகவே முடியும்.

அந்த வினாவிடையை ஏற்கும் வட அமெரிக்கச் சபைகளுள் ஒன்றான கிறிஸ்தவ சீர்திருத்த சபை இதைக் கையாண்ட விதம் நமக்கும் உதவும். கத்தோலிக்கப் போதனையைத் தாங்கள் புரிந்துகொண்டிருப்பது சரிதானா என்று அது கத்தோலிக்க ஆயர்களின் பிரதிநிதிகளிடமே கேட்டது. அதன்பின் 2006-இல் அந்தக் கடுமையான பகுதிகளை அடைப்புக்குறிக்குள் இட்டு, அவை இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனையைத் துல்லியமாகக் காட்டவில்லை என்று அடிக்குறிப்பும் சேர்த்தது. தன் கோட்பாட்டைக் கைவிடாமலேயே, எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்ல ஒரு சபையால் முடிந்திருக்கிறது.

படி 3: பெயர்களைச் சீர்தூக்குங்கள்

தமிழில் பெயரே பக்கம் சாயும். நற்கருணை என்றால் பலருக்கும் முதலில் கத்தோலிக்க ஆலயம் நினைவுக்கு வரும். திருவிருந்து, இராப்போஜனம் என்றால் வேறு சபைகள். குரு, அருட்தந்தை, ஆயர், போதகர் என்ற சொற்களும் அவ்வாறே. ஒருவர் வேதத்தில் "உடல்" என்று வாசிப்பதை மற்றொருவர் "சரீரம்" என்று வாசிக்கிறார். எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல்லைத் தேடி அலைவது வீண். பொதுப் பகுதியில் "அப்பமும் திராட்சை இரசமும்" என்று பொருளையே சொல்லுங்கள்; ஒவ்வொரு சபையின் பகுதிக்கு வந்ததும் அச்சபையார் வழங்கும் சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு அது குழப்பமாக இராது. தம் வீட்டுச் சொல்லைக் கேட்டதுபோலவே இருக்கும்.

பிறர் ஒட்டிய பெயர்களிடம் கவனம் தேவை. என் பழைய காணொளி ஒன்றில் லூத்தரன் போதனைக்கு "இணைப்பொருள் கோட்பாடு" என்று பெயரிட்டேன். கலைக்களஞ்சியங்களில் அந்தக் கருத்தில் ஒரு சொல் உண்டு என்பதால் எனக்கு ஐயமே எழவில்லை. லூத்தரன் போதகர் ஒருவர் பொறுமையாக எழுதினார்: அது வெளியார் வைத்த பெயர், இரண்டு பொருள்கள் கலந்து மூன்றாவது ஒன்று உண்டாவதுபோல அது ஒலிக்கிறது, நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, "அப்பத்தில், அப்பத்தோடு, அப்பத்தின் கீழ்" என்பதே எங்கள் வழக்கு. ஆர்மீனிய, கோப்து சபைகளை, கிறிஸ்துவுக்கு ஒரே இயல்பு என்போர் என்ற பொருளில், "ஒற்றையியல்பினர்" என்று அழைப்பதிலும் இதே சிக்கல் உண்டு.

படி 4: வாக்கியத்தின் வினையையும் இடைச்சொற்களையும் திருத்துங்கள்

இப்போது முதல் வாக்கியத்திற்குத் திரும்புவோம். ஒரு தரப்பு "நம்புகிறார்கள்", மறுதரப்பு "உணர்ந்திருக்கிறார்கள்". நம்புவது பொய்யாகலாம், உணர்வது உண்மையை மட்டுமே. ஆக, எழுதியவர் தம்மையறியாமல் தீர்ப்பு வழங்கிவிட்டார். எல்லாருக்கும் ஒரே வினையைத் தாருங்கள். "போதிக்கிறது" என்பது பொருத்தமானது. "மாறிவிடுகிறது" என்பதிலுள்ள "விடு" வியப்பையும் ஏளனத்தையும் கொண்டுவருவதால், "மாறுகிறது" என்பதே போதும். "வெறும்", "தான்", "கூட", "-ஆம்" ஆகியவற்றைத் தேடி நீக்குங்கள். "மாறுகிறதாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப்பின் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் பயனில்லை. "ஆனால்" வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் புதிய வாக்கியம் தொடங்குங்கள், ஏனெனில் "ஆனால்" என்பதற்குப் பின் வருவதையே கேட்பவர் முடிவாகக் கொள்கிறார்.

திருத்திய வடிவம் இது:

"அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தின் தோற்றம் மாறாதிருக்க, அதன் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. அப்பம் அப்பமாகவே இருக்க, கிறிஸ்துவின் சரீரம் அதனோடு மெய்யாகவே அளிக்கப்படுகிறது என்று லூத்தரன் சபை போதிக்கிறது. விசுவாசத்தோடு பெறுகிறவர், தூய ஆவியினாலே, ஆவிக்குரிய விதத்தில் கிறிஸ்துவை மெய்யாகவே உட்கொள்கிறார் என்று கால்வின் வழிவந்த சபைகள் போதிக்கின்றன. கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூரும் கீழ்ப்படிதலின் அடையாளச் செயல் இது என்று பாப்திஸ்துகளில் பலர் போதிக்கிறார்கள்."

இது நீளமாக இருப்பது குறையன்று. "மெய்யாகவே" என்ற சொல் இரண்டு இடங்களில் வருவதைக் கவனியுங்கள். அது கூறியது கூறல் அன்று. அவரவர் அறிக்கைகளில் உள்ள அழுத்தம். நடையழகுக்காக ஒன்றை வெட்டினால் ஒரு சபையின் போதனை வெட்டுப்படும். ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு, மெய்யான மாற்றத்தை ஏற்று, அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை மறைபொருளாக விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.

காணொளியை வேடிக்கையாகத் தொடங்க, "ஹோக்கஸ் போக்கஸ்" என்ற மந்திரவாதிச் சொல் திருப்பலியின் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது என்ற கதையைச் சிலர் எடுத்தாள்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். அது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலிக்கப் பேராயர் ஒருவர் கத்தோலிக்கரைத் தாக்கிப் பேசுகையில் முன்வைத்த ஊகம். நிறுவப்பட்ட சொற்பிறப்பு அன்று.

படி 5: படங்களைச் சரிபாருங்கள்

அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைக் கத்தோலிக்கர் வைத்து வணங்கும் கதிர்ப்பாத்திரத்தின் படத்தை நினைவுகூரல் சபைகளின் பகுதியிலும், சிறு தனிக் கிண்ணங்களின் படத்தைத் திருப்பலிப் பகுதியிலும் இடாதீர்கள். அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைத் தரையில் வைத்தோ, கையில் உடைத்து விளையாடியோ படம்பிடிப்பது கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் கடும் அவமதிப்பு. விளக்கத்திற்குச் சாதாரண அப்பத்தையே பயன்படுத்தி, அவ்வாறு செய்ததைத் திரையில் எழுதிவிடுங்கள்.

படி 6: வெளியிடும் முன் ஒவ்வொரு சபையிலும் ஒருவரிடம் காட்டுங்கள்

முழுக் காணொளியையும் காட்ட வேண்டியதில்லை. அவருடைய சபையைப் பற்றிய பத்தியை மட்டும் அனுப்பினால் போதும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார். "உங்கள் சபையில் ஒரு சிறுவனுக்குக் கற்பிக்கும்போது இந்த வாக்கியத்தை இப்படியே சொல்வீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அவர் எப்படிச் சொல்வாரோ அந்தச் சொற்களையே எழுதி வாங்குங்கள்.

வெளியிட்ட பின் வரும் முறையீடுகள் இருவகை. "நாங்கள் அப்படிப் போதிப்பதில்லை" என்பது உங்கள் பிழையாக இருக்கலாம். ஆவணத்தைத் திறந்து பார்த்து உடனே திருத்துங்கள். "அவர்களுடைய தவறான போதனையை ஏன் சொன்னீர்கள்?" என்பதோ வேறு வகை. ஒரு போதனை உள்ளபடியே சொல்லப்பட்டதால் வரும் வருத்தத்தை எந்தச் செய்முறையாலும் நீக்க முடியாது. அதற்காகப் பத்தியை மழுப்பினால், சரியாகச் சொல்லப்பட்ட சபையாரைப் புதிதாகப் புண்படுத்துவீர்கள். லூத்தரன் போதகர் எழுதியது முதல் வகை. பழைய பெயர் வந்த பகுதியை வெட்டி, அவர் தந்த சொற்களை என் குரலில் பதிந்து சேர்த்து, திருத்தம் செய்ததையும் காரணத்தையும் காணொளியின் கீழே இரண்டு வரிகளில் எழுதி வைத்தேன்.