காம்புல காயமா? உள்ள எதையும் குத்தாதீங்க

மாட்டுக்கு காம்பு முள்கம்பில கிழிஞ்சாலோ பக்கத்து மாடு மிதிச்சாலோ, மொதல்ல காயம் எவ்வளவு ஆழம்னு பாருங்க. மேல்தோல் மட்டும்னா, கொதிச்சு ஆறின தண்ணில உப்பு போட்டு கழுவி, போவிடோன் அயோடின் தடவி, ஈ மொய்க்காம பாத்துக்கிட்டா போதும். காயத்து வழியாவே பால் கசியுதுன்னா அது தையல் கேஸ், அன்னைக்கே டாக்டரை கூப்பிடுங்க. லேட் ஆனா வீங்கிடும், தையல் பிடிக்காது, அப்புறம் அந்த ஓட்டையை பால் வத்தின காலத்துலதான் நல்லபடியா அடைக்க முடியும்.

பால் வரலைன்னு வேப்பங்குச்சி, கோழி இறகு விடுறவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், காம்பு நுனில இருக்குற வாசல்தான் கிருமியை தடுக்குது, அது கிழிஞ்சா மடிநோய் வந்து அந்த பக்க மடி நிரந்தரமா போயிடலாம். பால் வடிக்க காம்புக்குள்ள விடுற ஸ்டெரைல் பால் ஊசிகூட டாக்டர் போட்டாத்தான் நல்லது.

கண்ணு போட்டதும் ஒரு காம்பு அடைச்சிருந்தா அந்த பக்க மடியை தொட்டு பாருங்க. மத்ததைப்போல நிறைஞ்சு இறுக்கமா இருந்தா பால் ஊறுது, அடைப்பு காம்புலதான்; விரலால உருட்டினா பட்டாணி மாதிரியோ கயிறு மாதிரியோ தட்டுப்படும், அதை டாக்டர் திறக்க வாய்ப்பிருக்கு. மடியே சுருங்கி கல்லா இருந்தா அதுல பால் ஊறாது, நோண்டாம விடுங்க, மத்த மூணு காம்பும் ஓரளவு ஈடுகட்டும். ஆன்டிபயாடிக் போட்டா டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் நாலு காம்பு பாலையும் விக்காதீங்க.