புழுக்கத்தில் தலையில் வரும் வாடை: எனக்குத் தீர்ந்த விதம்

காற்றில் ஈரம் ஏறினால் போதும், காலையில் குளித்த தலை மாலைக்குள் ஊசிப்போன எண்ணெய் போல வாடை அடிக்கும். முடி நுனியை முகர்ந்தால் ஒன்றுமில்லை. உச்சந்தலையை விரலால் தேய்த்து முகர்ந்தால்தான் தெரிந்தது, வாடை தோலிலிருந்து வருகிறது.

நம் தலையில் இயல்பாகவே மலசீசியா என்ற பூஞ்சை வாழ்கிறது. தோல் சுரக்கும் எண்ணெயை அது உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். வாசனைத் தைலம் பூசுவது பயனில்லை. இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகும்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அலசுகிறேன். ஷாம்பூவை உள்ளங்கையில் நீர் விட்டுக் கரைத்து, வகிடு வகிடாகப் பிரித்து வேரில் மட்டும் தேய்ப்பேன், நகம் படாமல். முதல் தடவை நுரையே வராது, எண்ணெய்தான் கழலும். இரண்டாம் தடவை நுரை பொங்கினால் அழுக்கு போய்விட்டது என்று அர்த்தம். வாரம் இருமுறை மட்டும் பூஞ்சையை அடக்கும் மருந்தான கீட்டோகோனசோல் 2% சேர்ந்த ஷாம்பூ, தலையில் 5 நிமிடம் ஊறவிட்டு அலசுவேன். உடனே கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமிருக்காது. கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

பெரிய மாற்றம் உலர்த்துவதில்தான் வந்தது. பின்னந்தலை வேர் காயும்வரை கொண்டை போடுவதில்லை. அவசரமென்றால் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டுவேன். தலையணை உறையையும் சீப்பையும் அடிக்கடி துவைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய் வைக்க ஆசை வந்தால் அலசுவதற்குச் சற்று முன், முடியின் நீளத்துக்கு மட்டும்.

மஞ்சள் செதில், சீழ்க்கொப்புளம், முடி கொத்தாக உதிர்வது இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.