சிஃபான் துணியில் பிசிறு தெரியாமல் பக்கவாட்டுத் தையல்

சிஃபான், ஆர்கன்சா போன்ற துணிகளில் ஓவர்லாக் போட்டாலும் அந்த நூல் வரிசை வெளியிலிருந்து தெரியும். அதனால் ஓரத்தைத் தையலுக்குள்ளேயே மறைத்துவிடும் பிரெஞ்சு சீம்தான் இவற்றுக்குப் பொருத்தம். ஒரு டாப்ஸின் பக்கவாட்டுத் தையலை எடுத்துக்கொள்வோம். தையலுக்காக விட்டிருப்பது 1.5 செ.மீ.

மெல்லிய புது ஊசி (60 அல்லது 65) போட்டு, தையல் நீளத்தை 2 மி.மீ. வையுங்கள். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் உள்பக்கம் உள்பக்கத்தோடு சேரும்படி வைத்து, ஓரத்திலிருந்து 9 மி.மீ. தள்ளித் தையுங்கள். ஆம், நல்ல பக்கம் வெளியே இருக்கும். புதிதாகத் தைப்பவர்களின் கை பழக்கத்தில் மாற்றி வைத்துவிடுவது இங்கேதான். தொடக்கத்தில் துணியை ஊசித் தட்டின் துளை உள்ளே இழுத்தால், அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். இரண்டு நூல் முனைகளையும் கையில் பிடித்தபடி தொடங்குவதும் உதவும்.

அடுத்து ஓரத்தை 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள். துணி கண்ணாடி மாதிரி இருப்பதால், கோணல்மாணலாக வெட்டினால் முடிந்த தையலுக்குள் அந்தக் கோணல் நிழலாகத் தெரியும். வெட்டியதும் அதிக நேரம் போட்டுவைக்காதீர்கள், பிசிறு பிரிந்துகொண்டே போகும்.

மிதமான சூட்டில் தையலை விரித்து இஸ்திரி போட்டு, துணியைத் திருப்பி, நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேருங்கள். தையல் கோடு சரியாக மடிப்பின் விளிம்பில் வர வேண்டும். விரல் நுனியில் உருட்டிப் பார்த்தால் தெரியும். விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல் போடுங்கள். 9-உம் 6-உம் சேர்ந்து 15, அளவு மாறாது.

நல்ல பக்கத்தில் மயிர்போல நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளிருக்கும் ஓரம் இரண்டாவது தையலைத் தாண்டிவிட்டது என்று பொருள். வெளியே நீட்டுவதை மட்டும் கத்தரித்தால் மீண்டும் வரும். அந்த இடத்தில் இரண்டாவது தையலைப் பிரித்து, ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி தையுங்கள்.

தோள்பட்டை போன்ற நேரான இடத்தில் தையல் தட்டையாகப் படிய வேண்டுமென்றால் ஃபெல்ட் சீம் நல்லது. இதில் நல்ல பக்கங்களை ஒன்றுசேர்த்து 1.5 செ.மீ.யில் தைத்து, ஓர் ஓரத்தை மட்டும் 5 மி.மீ. ஆக வெட்டுங்கள். மற்ற ஓரத்தின் நுனியைத் தையல் கோடு வரை மடித்து, குறுகிய ஓரத்தை மூடும்படி சாய்த்து, மடிப்பை ஒட்டித் தையுங்கள். வெளியே ஒரு தையல் வரிசை தெரியும். அது வேண்டாமென்றால் கைத்தையலாகப் போடலாம். கைக்குழி வளைவில் மட்டும் இதை முயல வேண்டாம். மடிப்பு சுருங்கி மேடாகிவிடும், அங்கே பிரெஞ்சு சீமே போதும்.