எந்தத் தாங்கி எந்த மறுதாக்கத்தைத் தரும்: ஓர் இறங்குதுறை நடைபாலத்தின் கணக்கு

ஒரு தாங்கி எந்த அசைவைத் தடுக்கிறதோ அதற்கு எதிரான மறுதாக்கத்தை மட்டுமே தரும். வகைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு தாங்கியிலும் எது அசையும், எது அசையாது என்று கேட்பதே நம்பகமான வழி.

திருகோணமலை உட்துறைமுகத்தில், கரையிலிருந்து மிதவை ஒன்றுக்கு 6 மீற்றர் நீள நடைபாலம் கிடையாகப் போடப்பட்டுள்ளது என வைத்துக்கொள்வோம். கரைமுனை பிணையலில் மாட்டப்பட்டிருக்கிறது; மறுமுனை சில்லுகளின்மேல் மிதவையில் நிற்கிறது.

முதற்படி: பாலத்தை மட்டும் தனியே வரைந்து, தாங்கிகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் மறுதாக்கங்களைக் குறியுங்கள். பிணையல் சுழல விடும், ஆனால் எப்பக்கமும் நகர விடாது. ஆகவே அங்கே கிடைக்கூறு, நிலைக்கூறு என இரண்டு வரும், திருப்பம் வராது. சில்லு மேற்பரப்பின் வழியே உருளும், அதற்குள் புதையாது. எனவே மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரே விசை. இரும்புக் கம்பிவடமாக இருந்தால் அதன் வழியே இழுவிசை மட்டும். சுவரில் இறுகப் பதித்த முனையானால் இரு விசைகளோடு ஒரு திருப்பமும் சேரும்.

இரண்டாம் படி: பாலத்தின் நிறை 3 கிலோநியூட்டன் நடுவிலும், ஒருவரின் நிறை 0.6 கிலோநியூட்டன் கரையிலிருந்து 4 மீற்றரிலும் தாக்கட்டும். பிணையலைப் பற்றித் திருப்பம் எடுத்தால் அதன் இரு கூறுகளும் மறைந்துவிடும்:

R × 6 = 3 × 3 + 0.6 × 4

சில்லில் R = 1.9, பிணையலின் நிலைக்கூறு 3.6 − 1.9 = 1.7 கிலோநியூட்டன். கிடையாக எதுவும் தள்ளாததால் கிடைக்கூறு பூச்சியம். ஆனாலும் அதை முதலில் வரைந்து, சமன்பாடு பூச்சியமாக்கிய பின்னரே விட வேண்டும்.

இதன் அவசியம் சில்லு 30 பாகை சரிந்த தகட்டில் நின்றால் தெளிவாகும். தொடுபுள்ளி பிணையலின் மட்டத்திலேயே இருப்பின் மறுதாக்கத்தின் நிலைக்கூறு முன்போல் 1.9, ஆனால் விசை தகட்டுக்குச் செங்குத்தானது என்பதால் அதன் பருமன் 1.9 / cos 30° = 2.19 ஆகிறது, 1.10 கிலோநியூட்டன் கிடையாகப் பாலத்தைத் தள்ளுகிறது. அதைத் தாங்குவது பிணையலின் கிடைக்கூறு மட்டுமே. புதியவர்கள் சில்லின் விசையை எப்போதும் மேல்நோக்கி வரைவதால்தான் இவ்விடத்தில் தவறுகிறார்கள்.

சில்லின் விடை எதிர்க்குறியில் வந்தால் முனை மேலெழுகிறது என்று பொருள். சில்லால் கீழே இழுக்க முடியாது.

சில்லை அகற்றி அங்கும் பிணையல் வைத்தால் தெரியாக் கணியங்கள் 4, சமன்பாடுகளோ 3. ஒரே மட்டத்தில் இருப்பதால் நிலைக்கூறுகளை முன்போலவே பெறலாம். ஆனால் இரு கிடைக்கூறுகளின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். தனித்தனியே அறிய, பாலம் எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.