தாத்தா படத்தைச் சீர்செய்த பேரன் மேடையில் செய்யும் தவறுகள்

குடும்பம் கூடும் நாளில், துணி போர்த்திய சட்டத்தைத் திறந்துவிட்டுப் பேரன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலான பேச்சுகள் "எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா" என்பதிலேயே முடிந்துவிடுகின்றன. எத்தனை இரவு உட்கார்ந்தார், எந்த மென்பொருள், எத்தனை லேயர் என்பதெல்லாம் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மேடையில் சொல்லியே ஆக வேண்டியது வேறொன்று: இந்தப் படத்தில் எது தாத்தா, எது பேரன் போட்டது?

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 3×4 அங்குல ஸ்டூடியோ கறுப்பு வெள்ளைப் படம். நாற்காலியில் வேட்டி, சட்டையோடு தாத்தா. இடது முழங்கையும் நாற்காலிக் கையும் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. இடது காதின் மேல் பூஞ்சை பிடித்து வெள்ளைத் திட்டு. அதை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3600×4800 பிக்சல் வரும். 300 டிபிஐயில் 12×16 அங்குலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம். இந்தக் கணக்கும் மேடைக்கு வேண்டாம்.

காணாமல் போன காதைச் சீர்செய்பவர் எப்படிக் கொண்டுவருவார்? வலது காதை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி ஒட்டி, வெளிச்சம் விழும் பக்கத்துக்கு ஏற்ப நிழலைச் சரிசெய்வார். முழங்கையையும் நாற்காலிக் கையையும் மறுபக்கத்தைப் பார்த்து வரைவார். இதில் குற்றமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இந்தப் பிரிண்ட் கூடத்தில் மாட்டப்படும். பத்து வருடத்தில் பழைய படம் பீரோவுக்குள் போய்விடும். பிறகு "என் பையனுக்கு அப்படியே தாத்தா காது" என்று ஒருவர் இல்லாத காதைக் காட்டிப் பெருமைப்படுவார். நாலே வாக்கியம் போதும்:

"இந்த இடது காது தாத்தாவோடது இல்ல. அந்த இடம் பூஞ்சை பிடிச்சுப் போயிருந்துச்சு, வலது காதைத் திருப்பி வச்சிருக்கேன். அந்தப் பக்கத்துக் கடுக்கனும் அப்படித்தான். ரெண்டு காதுலயும் போட்டிருந்தாரான்னு ஆச்சிதான் சொல்லணும்."

இப்படிக் கேட்டால் கூட்டத்திலிருந்து பதில் வரும். அது பேச்சுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. வந்த பதிலை அங்கேயே ஒருவர் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, இருந்ததை அழித்துவிட்டு "சுத்தம் பண்ணிட்டேன்" என்று சொல்வது. அம்மைத் தழும்பு, காது குத்திய ஓட்டை, புருவத்தில் பழைய வெட்டு இவையெல்லாம் திரையில் அழுக்குப் புள்ளி போலவே தெரியும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பூஞ்சைப் புள்ளிக்கும் கீறலுக்கும் முகம், சுவர் என்ற எல்லை தெரியாது; கன்னத்தில் தொடங்கிப் பின்திரைவரை போகும். தழும்பு முகத்துக்குள்ளேயே நிற்கும். குழியின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலும் இருக்கும். தாத்தாவை நேரில் பார்த்த ஒருவரிடம் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே படத்தைக் காட்டிவிடுவது நல்லது. திரை விலகியதும் ஆச்சி "இது அவுக இல்லையே" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது. முகத்தை வெளுப்பாக்குவதற்கும் இதே கதிதான். அதைச் சீர்செய்தல் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிறம் சேர்த்திருந்தால் "தாத்தா இப்படித்தான் இருந்தார்" என்று மறந்தும் சொல்லக்கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர் பச்சை, அடர் நீலம், சிவப்பு மூன்றும் ஒரே சாம்பலாக விழலாம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும், உதடும் தோலும் இருந்ததைவிடக் கறுத்துத் தெரியும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் தோல் நிறத்தை அந்தச் சாம்பலிலிருந்து கணக்கிட்டுச் சொல்ல முடியாது. வேட்டிக் கரை இன்னும் வம்பு. தமிழ்நாட்டில் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்வார்கள். ஊகத்தில் கறுப்பு சிவப்பு போட்டுவிட்டால் பெரியப்பாவும் சித்தப்பாவும் சாப்பாட்டுக்கு முன்பே மோதிக்கொள்வார்கள். கரையைச் சாம்பலாகவே விடலாம். நிறம் போட்டே தீருவது என்றால், "சட்டை நிறம் அத்தை ஞாபகத்திலிருந்து சொன்னது, மற்றது என் ஊகம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். நிறமில்லாத பிரிண்ட் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

"படம் பாழாகக் கிடந்தது, யாருமே கவனிக்கவில்லை" என்ற வரியும் நிறையப் பேச்சில் வருகிறது. இத்தனை வருடம் அதைச் சுவரில் வைத்திருந்தவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். பாழானதற்குக் காரணத்தைச் சொன்னால் போதும். ஆளைச் சொல்ல வேண்டாம். படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். கண்ணாடியோடு நேராக ஒட்டிச் சட்டம் போட்டால், ஈரச்சுவரின் நீர்ப்பதமும் தினம் மாற்றும் பூமாலையின் ஈரமும் உள்ளே இறங்கி, ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். பேச்சைக் கேட்ட உற்சாகத்தில் யாராவது வீட்டுக்குப் போய்த் தங்கள் சுவரில் இருக்கும் படத்தைப் பிய்ப்பார்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். "ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணலாம்" என்று சொல்லிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

மூலப் படத்தைக் கைக்குக் கை சுற்ற விடுவதும் மேடையில்தான் நடக்கிறது. சந்தனம் தொட்ட விரல், டம்ளர் ஈரம், கைபேசி வெளிச்சம் எல்லாம் அதன் மேல் விழும். சுற்றுக்கு விட, சீர்செய்யாத ஸ்கேனை அதே 3×4 அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். "முன்னே எப்படி இருந்துச்சு" என்ற கேள்விக்கும் அதுவே பதில். புரொஜெக்டரில் காட்டுவது பகல் வெளிச்சமுள்ள மண்டபத்தில் வெளிறித்தான் தெரியும். உறவினர் குழுவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

மேடையில் சொன்னது காற்றோடு போகாமல் இருக்க, அதையே ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்பலகையில் ஒட்டுங்கள்: படத்தில் இருப்பவர் பெயர், மூலத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதில் உள்ள விவரம், சீர்செய்த தேதி, "இடது காது, இடது முழங்கை, நாற்காலிக் கை புதிதாகச் சேர்த்தவை". பிரிண்டின் முதுகில் நேராகப் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறலாம், அழுத்தினால் தடமும் விழும்.

கடைசியாக, மூலப் படம் யாரிடம் இருக்கும் என்பதை மேடையில் திடீரென அறிவிக்காதீர்கள். முந்தின நாளே மூத்தவர்களிடம் பேசி முடிவெடுத்து, மறுநாள் சொல்லுங்கள்: "மூலப் படம் பெரியப்பா வீட்டு பீரோவுல, காகித உறையில இருக்கும். பரண்ல வைக்க மாட்டோம். ஸ்கேன் காப்பி மூணு வீட்டுலயும் இருக்கு."