12-ஆல் வகுத்தேன், மே மாதம் மாட்டிக்கொண்டேன்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் போன ஜனவரியில் ஒரு எக்செல் தாளைப் பெருமையோடு காட்டினார். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளையெல்லாம் கூட்டி, 12-ஆல் வகுத்து, மாதாமாதம் அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றப் போகிறாராம். இதற்குப் பெயர் 'சிங்கிங் ஃபண்ட்' என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். எங்கள் வீட்டில் இதற்கு வருஷச் செலவு உண்டியல் என்று பெயர். அவர் போட்டிருந்த கணக்கு, ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட அதே கணக்கு. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மே கடைசியில் வந்து, "பத்தாயிரம் கைமாத்தாகக் கிடைக்குமா?" என்றார்.

மாதாமாதம் பணம் போட மறப்பது, பட்டியலில் ஒன்றிரண்டு செலவை விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை முதல் வருடத்திலேயே தானாகத் தெரிந்துவிடும். கீழே இருப்பவை எளிதில் கண்ணில் படாத தவறுகள்.

எடுத்தவுடன் 12-ஆல் வகுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான். என் முதல் வருடக் கணக்கையே சொல்கிறேன்.

மகளின் பள்ளிக் கட்டணம் 48,000 ரூபாய், மே கடைசிக்குள் கட்ட வேண்டும். குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 18,000, ஆகஸ்ட் 20-க்குள். தீபாவளித் துணிமணி, பட்டாசு, பலகாரம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து அக்டோபரில் 30,000. மொத்தம் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. ஜனவரிச் சம்பளத்திலிருந்து ஆரம்பித்தேன்.

மே மாதம் வரை ஐந்து தவணை போட்டாயிற்று. உண்டியலில் 40,000. கட்ட வேண்டியதோ 48,000. மைத்துனரிடம் 8,000 வாங்கிக் கட்டினேன். ஜூன் மாத 8,000 அப்படியே அவருக்குத் திரும்பிப் போனது. ஜூலையும் ஆகஸ்டும் சேர்த்து 16,000 இருந்தது. பிரீமியத்துக்கு 2,000 குறைந்தது. 'ஒரு மாதம் கெடு இருக்கிறதே' என்று செப்டம்பர் 2-ஆம் தேதி சம்பளம் வந்த பிறகு கட்டினேன்.

அந்தக் கெடுவைப் பற்றி அப்போது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆண்டுப் பிரீமியம் கட்டும் மருத்துவக் காப்பீட்டில் முப்பது நாள் சலுகைக் காலத்துக்குள் புதுப்பித்தால், பழைய நோய்களுக்காக நாம் காத்திருந்த வருடங்கள் வீணாகாது. ஆனால் பணம் கட்டாமல் விட்ட அந்த நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் காப்பீடு கிடையாது. பதின்மூன்று நாள் ஒரு குடும்பமே பாதுகாப்பில்லாமல் இருந்திருக்கிறோம், வெறும் 2,000 ரூபாய்க்காக. அந்த நாட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, அக்டோபர்? உண்டியலில் மிஞ்சியது 14,000. தீபாவளிக்கு வேண்டியது 30,000. மீதி 16,000 கிரெடிட் கார்டில் ஏறியது. ஒரு மாதம்கூடத் தவறாமல் 8,000 போட்டவன் நான்.

தவறு எங்கே? 12-ஆல் வகுப்பது, உண்டியல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் சரி. புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதல் சுற்றில் பன்னிரண்டு மாதம் கிடைப்பதில்லை. எனக்கு அக்டோபர் வரை கிடைத்தது பத்தே மாதம். அந்தப் பத்து மாதத்துக்குள் 96,000-ம் வெளியே போக வேண்டும்.

சரியான கணக்கு கடினமே இல்லை. செலவுகளைத் தேதி வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு தேதியிலும், அதுவரை வந்த செலவுகளின் மொத்தக் கூட்டலை, அதற்குள் எத்தனை தவணை போட முடியுமோ அந்த எண்ணால் வகுங்கள். என் கணக்கில் மே மாதத்துக்கு 48,000-ஐ ஐந்தால் வகுத்தால் 9,600. ஆகஸ்டுக்கு 66,000-ஐ எட்டால் வகுத்தால் 8,250. அக்டோபருக்கு 96,000-ஐப் பத்தால் வகுத்தால் மறுபடி 9,600. இவற்றில் எது பெரியதோ அதுதான் முதல் சுற்றின் மாதத் தொகை: 9,600. அக்டோபர் முடிந்து உண்டியல் காலியானதும் நவம்பரிலிருந்து 8,000-க்கு இறங்கலாம். அடுத்த மே வருவதற்குள் ஏழு தவணையில் 56,000 சேர்ந்துவிடும். அதன் பிறகு எந்த மாதமும் இடிக்காது.

மாதம் 9,600 முடியாது என்றால் இன்னொரு வழி: போனஸோ வேறு பணமோ வந்தால் 16,000-ஐ முதலிலேயே உண்டியலில் போட்டுவிட்டு, 8,000-ஆகவே தொடரலாம். இரண்டும் முடியவில்லையா? மே, ஆகஸ்ட் பற்றாக்குறையைக் கைமாத்தில் சமாளித்து, முதல் வருடத் தீபாவளியை 14,000-க்குள் முடித்துக்கொள்வதுதான் மீதமிருக்கும் வழி. அதை ஜனவரியிலேயே வீட்டில் சொல்லிவிட்டால் சண்டை குறைவு. அக்டோபரில் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜிபே இணைத்த கணக்கிலேயே வைப்பது

வேண்டாம்.

ஒரு வருட ஆர்.டி. போடுவது

வட்டி கொஞ்சம் கூடுதலாக வருமே என்று ஜனவரியில் ஒரு வருட ஆர்.டி. ஆரம்பித்தால், அது முதிர்வது அடுத்த ஜனவரியில். கட்டணமோ மே மாதம். நடுவில் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். ஒவ்வொரு செலவின் தேதிக்கும் முன்னால் முதிர்கிற மாதிரி ஆர்.டி. போட முடிந்தால் போடுங்கள். இல்லையென்றால் சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். தீபாவளிச் சீட்டில் இருக்கும் பணம் பள்ளிக் கட்டணத்துக்கு உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வருட ரசீதை அப்படியே எழுதுவது

மருத்துவக் காப்பீட்டில் வயது ஒரு வரம்பைத் தாண்டும் வருடத்தில் பிரீமியம் சட்டென்று ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், வரி சேர்ந்த பழைய ரசீதை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குத் தொகை தேவைக்கு மேல் தெரிந்திருக்கும். பள்ளியில் வேன், புத்தகம், சீருடைக்குத் தனி ரசீது வரும். அவற்றைக் கட்டணத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

தீபாவளியை 'அக்டோபர்' என்று எழுதுவது

2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. ஒரு தவணை கூடுதலாகக் கிடைக்கும் வருடமும் உண்டு, குறையும் வருடமும் உண்டு. அதோடு, பணம் போவது பண்டிகை நாளில் இல்லை. ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கும் வீடு என்றால் உங்கள் தேதி ஜூலை, ஆகஸ்ட்.

டிசம்பர் இருப்பை உபரி என்று நினைப்பது

என் கணக்கில் நவம்பர், டிசம்பர் இரண்டு தவணையில் 16,000 நிற்கும். அடுத்த பெரிய செலவு மே மாதம்தான் என்பதால் அது சும்மா கிடப்பது போலவே தோன்றும். பொங்கலுக்கு முன்னால் டிவிக் கடைக்காரர்கள் விளம்பரம் வேறு போடுவார்கள். மேலே முதலிலேயே போடச் சொன்ன அந்த 16,000 இதேதான். இதை எடுத்தால் மறுபடி முதல் வருடம் ஆரம்பிக்கிறது. பக்கத்து மேசைக்காரர் இப்போது 9,600 கணக்குக்கு வந்துவிட்டார். டிசம்பர் இருப்பைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தர வேண்டிய பத்தாயிரத்தில் பாதி பாக்கி இருக்கிறது, அது வந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.