வெளிநாட்டு மேட்ச்: ஜிஎம்டி நேரத்தைப் பிடியுங்கள்

வேறு நாட்டில் நடக்கும் மேட்சுக்கு மைதான நேரத்தையோ இந்திய நேரத்தையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அட்டவணையில் உள்ள ஜிஎம்டி நேரத்தைத் தேதியோடு எடுத்து, அதிலிருந்து உங்கள் ஊர் நேரத்துக்கு உள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள்.

டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் தொடங்கும் பாக்சிங் டே டெஸ்டைப் பாருங்கள். அங்கே காலை 10:30 என்றால் ஜிஎம்டி 25ஆம் தேதி இரவு 11:30. சென்னையில் 26 விடியற்காலை 5:00. டொராண்டோவில் 25 மாலை 6:30. தேதியைக் கவனிக்காத டொராண்டோ ரசிகருக்கு முதல் நாள் ஆட்டமே போய்விடும்.

ஜிஎம்டி கோடையிலும் குளிரிலும் மாறாது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் ஊர்களில் நேரம் மாறும். டிசம்பரில் மெல்போர்ன் 11 மணி நேரம் முன்னே இருக்கும், கடிகாரத்தை மாற்றாத பிரிஸ்பேன் 10 மணி நேரம்தான். உங்கள் ஊரிலும் கடிகாரம் மாறுமானால், மேட்ச் நாளன்று உள்ள வித்தியாசத்தையே எடுங்கள். இன்றைய வித்தியாசத்தை அல்ல.

மழையால் ஓவர்கள் வீணானால் இந்தக் கணக்கு உதவாது. டெஸ்டில் மறுநாள் ஆட்டத்தை அரை மணி முன்னதாகவே தொடங்குவதுண்டு. முந்தைய நாள் ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பை மறுபடி பாருங்கள்.